சாப்பிட்டாச்சா?

நேயர்களுக்கு வணக்கம். காலையிலிருந்து உங்களிடம் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் "ஆச்சு" என்று சொல்லியிருப்பீர்கள், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும்.

தெருவில் கேட்டால் "ஆச்சு" என்பதுதான் முறை. "இன்னும் இல்லை" என்று சொன்னால், கேட்டவர் வீட்டுக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். அவர் வீட்டில் என்ன நிலைமையோ! விருந்தாளியும் முதல் தடவை "ஆச்சு" என்றுதான் சொல்வார். விவரம் தெரிந்த வீட்டம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இலையைப் போட்டுவிடுவார்.

தொலைபேசியில் கதை வேறு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் "ம்... ஆச்சும்மா" என்று இழுத்தால், அம்மாவுக்குப் பதிலைவிட அந்த இழுப்புதான் கேட்கும். உடனே அடுத்த கேள்வி வரும்: "என்ன குழம்பு?" முதல் கேள்விக்குப் பொய் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அந்த யோசனையிலேயே மாட்டிக்கொள்வான். உடம்பு சரியில்லையா, கையில் காசில்லையா, யாருடனாவது மனத்தாங்கலா என்று அம்மா அங்கிருந்துதான் தோண்ட ஆரம்பிப்பார்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெரியப்பா உழவு மாட்டை விற்றுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வைத்துவிடுவார் பெரியம்மா. ஒருநாள் ராத்திரி பெரியப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க பெரியப்பா சாப்பிடலியான்னு கேளு" என்றார்.

போய்க் கேட்டேன். "பசியில்லைன்னு சொல்லு."

திரும்பி வந்து சொன்னேன். "மிளகு ரசம் வச்சிருக்குன்னு சொல்லு." அது அவருக்கு உயிர். மறுபடி திண்ணைக்கு ஓடினேன். அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்றார்.

அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது. மன்னிப்பு என்று இரண்டு பேருமே வாய்திறந்து கேட்கவில்லை. பெரியப்பா திருப்பிக் கேட்டார் பாருங்கள், கவனிக்க வேண்டியது அதைத்தான். "ஆச்சு" என்றோ "பசியில்லை" என்றோ நிறுத்திக்கொண்டால் கோபம் இன்னும் உள்ளே இருக்கிறது. "நீ சாப்பிட்டியா?" என்று திரும்பி வந்தால் கோபம் இறங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் கவனித்துப் பாருங்கள், திருப்பிக் கேட்கிறார்களா இல்லையா என்று. மாடு திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். துக்க வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பொதுவாக, உடலை எடுக்கும்வரை அங்கே அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில்தான் காபி போட்டு எடுத்து வருவார்கள். அப்போது யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. தம்ளரைக் கையில் கொடுத்து, "ஒரு வாய் குடிம்மா" என்பார்கள். பதில்தான் ஏற்கெனவே தெரியுமே. வணக்கம்.