அப்பாவுக்கு எல்டிஎல் 68, எனக்கு 148: யாரைப் பத்தி கவலைப்படணும்?

கேள்வி: "டாக்டர், பெங்களூரு மாரத்தஹள்ளியில இருந்து கேக்குறேன். எனக்கு 34 வயசு, எல்டிஎல் 148. அப்பாவுக்கு 54 வயசுல ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. இப்போ அவருக்கு 61, மாத்திரை சாப்பிட்டு எல்டிஎல் 68. என்னோடது அவரை விட ரெண்டு மடங்கு, ஆனா நோய் அவருக்குத்தான் இருக்கு. ஆபீஸ் ஹெல்த் செக்கப்புல, உங்களுக்கு பத்து வருஷ ரிஸ்க் கம்மி, 45 வயசுக்கு மேல பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்போ இந்த நம்பருக்கு என்னதான் அர்த்தம்? நான் காத்திருக்கலாமா?"

பதில்: காத்திருக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஏன்னு புரியணும்னா, அந்த ரிப்போர்ட்ல இல்லாத ஒரு நம்பரை நாம கணக்குப் போட்டுப் பாக்கணும்.

சிகரெட் பிடிக்கிறவர்கிட்ட டாக்டர் என்ன கேப்பாங்க? இன்னைக்கு எத்தனை சிகரெட்னு மட்டும் கேக்க மாட்டாங்க, எத்தனை வருஷமான்னும் கேப்பாங்க. எல்டிஎல்லும் அப்படித்தான். எல்டிஎல்ங்கிறது ரத்தத்துல கொழுப்பைத் தூக்கிட்டுப் போற ஒரு சின்னத் துகள். அது ரத்தக்குழாயோட உள்சுவருக்குள்ள போய்ட்டு வந்துட்டே இருக்கும். போற துகள்கள்ல ஒரு சின்னப் பங்கு வெளிய வராம சுவர்லயே மாட்டிக்கும். மாட்டினதை அள்ளித் திங்க நோய் எதிர்ப்பு செல்கள் வரும், தின்னு தின்னு கொழுப்பு நிரம்பி அதுங்களும் அங்கேயே தங்கிடும். ப்ளாக்னு சொல்ற படிவு இப்படித்தான் ஆரம்பிக்குது. அப்போ எவ்வளவு சேரும்ங்கிறதை ரெண்டு விஷயம் தீர்மானிக்குது: ரத்தத்துல எத்தனை துகள் ஓடுது, எத்தனை வருஷமா ஓடுது. ரிப்போர்ட் முதல் விஷயத்தை மட்டும்தான் சொல்லும், அதுவும் ரத்தம் எடுத்த அன்னைக்கு இருந்ததை.

இப்போ ரெண்டையும் பெருக்கிப் பாப்போம். உங்களுக்கு முதல் 20 வருஷம் எல்டிஎல் சராசரியா 100 இருந்ததா வச்சுக்குவோம். 20 பெருக்கல் 100, 2000. அதுக்கப்புறம் 14 வருஷம் 148, அது 2072. மொத்தம் 4072. அப்பாவோட பழைய ரிப்போர்ட் இருந்தா எடுத்துப் பாருங்க. இல்லைன்னா அவருக்கும் 20 வயசுக்கு மேல 150ன்னு வச்சுக்குவோம். 54 வயசுல அவர் கணக்கு 7100. அன்னைக்குத்தான் அட்டாக் வந்தது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் 68, அதாவது 476 கூடியிருக்கு. இன்னைக்கு அவர் கணக்கு 7576.

68ங்கிறது அவர் இப்போ எவ்வளவு மெதுவா சேத்துட்டு இருக்கார்ங்கிறதைத்தான் காட்டுது. ஏற்கனவே சேந்த 7100ஐ அது அழிக்காது. அதுக்காக மாத்திரை வீண்னு நினைச்சிடாதீங்க. எல்டிஎல் நல்லா இறங்கினா படிவு கெட்டிப்படும், வெடிக்கிற வாய்ப்பு குறையும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அவர் மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது.

இப்போ உங்க கணக்கு. ஒண்ணுமே செய்யலைன்னா 54 வயசுல நீங்க 7032ல நிப்பீங்க, கிட்டத்தட்ட அப்பா நின்ன அதே இடம். இன்னைக்கே எல்டிஎல்லை 85க்கு இறக்கி அப்படியே வச்சிருந்தா, 54ல 5772. பத்து வருஷம் கழிச்சு 44ல ஆரம்பிச்சு அதே 85க்கு இறக்கினா 6402. இதுல முக்கியமா ஒண்ணு பாருங்க. 44ல ஆரம்பிச்சு, 54ல அந்த 5772லயே வந்து நிக்கணும்னா எல்டிஎல் எவ்வளவு இருக்கணும்? 44 வயசுக்குள்ளயே 5552 சேந்துடும். மிச்சம் 220, அதை பத்து வருஷத்துக்குப் பிரிக்கணும். வருஷத்துக்கு 22. இன்னைக்கு 85 போதும்ங்கிற இடத்துல, பத்து வருஷம் கழிச்சு 22 தேவைப்படுது. ஒரு சாதாரண மாத்திரையில அந்த நம்பர் வராது.

இது தோராயமான கணக்குதான், இத்தனை வந்தா அட்டாக்னு ஒரு கோடு கிடையாது. சர்க்கரை, பிபி, புகை எல்லாம் சேந்தா குறைஞ்ச கணக்குலயே நோய் வரும். இன்னொண்ணு, இந்தப் பெருக்கல் எல்லா வருஷத்தையும் சமமா எடுத்துக்குது. நிஜத்துல இளவயசுல சேந்ததுக்கு இன்னும் எடை அதிகம். அமெரிக்காவுல கார்டியாங்கிற ஆய்வு இளைஞர்களை பல வருஷம் பின்தொடர்ந்துச்சு. ஒரே மொத்த அளவு சேந்தவங்கள்லயும், அதைச் சின்ன வயசுலயே சேத்தவங்களுக்கு ஆபத்து அதிகமா இருந்ததுன்னு 2020ல வெளியிட்டாங்க. இதுல ஆச்சரியமில்லை. படிவு விழுந்த சுவர், நல்ல சுவரை விட அதிகமா எல்டிஎல்லைப் பிடிச்சு வச்சுக்கும். முதல்ல விழுந்த படிவு அடுத்ததுக்கு இடம் போட்டுக் கொடுக்குது.

இதுக்கு என்ன ஆதாரம்னு நீங்க கேக்கணும். உங்க கேள்வியே அப்பா, பிள்ளை பத்தினது, அதனால அதே மாதிரி ஒரு ஆய்வைச் சொல்றேன். நெதர்லாந்துல, பரம்பரையா எல்டிஎல் ரொம்ப அதிகமா வர்ற குடும்பங்கள்ல, 214 பிள்ளைகளுக்கு சின்ன வயசுலயே எல்டிஎல்லை இறக்குற ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பிச்சாங்க. 20 வருஷம் கழிச்சு 2019ல முடிவைச் சொன்னாங்க. அதே மரபணுக் கோளாறு இருந்த அவங்க பெற்றோர்ல 26 சதவீதம் பேருக்கு 39 வயசுக்குள்ள மாரடைப்பு மாதிரி ஏதாவது வந்திருந்தது. பிள்ளைகள்ல 1 சதவீதம்தான். அந்தப் பிள்ளைகளோட எல்டிஎல் ஒண்ணும் பிரமாதமா இறங்கலை. சராசரியா 237ல இருந்து 161க்கு வந்தது, அவ்வளவுதான். உங்க 148ஐ விட அதிகம்! ஆனாலும் இவ்வளவு வித்தியாசம், ஏன்னா சீக்கிரம் ஆரம்பிச்சாங்க. பெற்றோர் காலத்துல புகை பிடிக்கிறது அதிகம், மருந்தும் கம்மி, அதையும் கழிச்சுத்தான் பாக்கணும். கழிச்சாலும் மிச்சம் பெருசு.

இன்னொரு ஆதாரம் மரபணு ஆய்வுகள். நடுவயசு தாண்டி ஸ்டாட்டின் ஆரம்பிச்சா, எல்டிஎல் 39 மில்லிகிராம் குறையுறதுக்கு, ஒரு அஞ்சு வருஷத்துல இதய ஆபத்து சுமார் 22 சதவீதம் குறையுது. பிறவியிலேயே அதே 39 கம்மியா இருக்கிற மரபணு அமைஞ்சவங்களுக்கு 54 சதவீதம் குறையுதுன்னு 2012ல காட்டினாங்க. 34 வயசுல ஆரம்பிக்கிற உங்களுக்கு இது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ பலன் கிடைக்கும். சரியா எங்கேன்னு சொல்ற முப்பது வருஷ மருந்துச் சோதனை எதுவும் நடக்கலை.

அப்போ 'ரிஸ்க் கம்மி'ன்னு ஏன் வந்தது? அடுத்த பத்து வருஷத்துல அட்டாக் மாதிரி நோய் வர்ற வாய்ப்பைக் கணிக்கிற கால்குலேட்டர்ல எல்லாத்தையும் விட எடை அதிகம் வயசுக்குத்தான். உங்க நம்பர் எதையும் மாத்தாம வயசை மட்டும் 60ன்னு போட்டுப் பாருங்க, ரிஸ்க் பல மடங்கு ஏறும். அங்க வயசுங்கிறது பெரும்பாலும் இந்த சேந்த கணக்குக்குப் பதிலாத்தான் நிக்குது. 34 வயசுல அது கம்மியாத்தான் காட்டும், ஏன்னா 44க்கு அப்புறம் நடக்கப் போறதை அது பாக்கவே இல்லை. 2023ல அமெரிக்க இதய சங்கம் கொண்டு வந்த பிரிவென்ட் கால்குலேட்டர்ல 30 வருஷ ரிஸ்க்கும் வரும், 30 வயசுல இருந்தே போடலாம். ஆனா அது நம்ம ஊர் ஆளுங்களை வச்சு செஞ்சதில்லை, அப்பாவுக்கு அட்டாக் வந்ததையும் கேக்காது. ஆணுக்கு 55 வயசுக்குள்ள வந்தா அது சீக்கிரம் வந்த நோய். அதை நீங்களே டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னொரு இடத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. 'சிடி கால்சியம் ஸ்கோர் எடுத்தேன், பூஜ்யம், நான் கிளியர்'னு சொல்றாங்க. இதய ரத்தக்குழாய்ப் படிவுல எவ்வளவு கால்சியம் இருக்குன்னு பாக்குற ஸ்கேன் அது. கால்சியம் படிவுல கடைசியாத்தான் சேரும். 34 வயசுல பூஜ்யம் வர்றது சகஜம். கொழுப்புப் படிவு இல்லைன்னு அதுக்கு அர்த்தம் இல்லை.

சரி, செய்ய வேண்டியது. ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவெடுக்காதீங்க. காய்ச்சல், டெங்கு மாதிரி ஏதாவது வந்து எழுந்திருந்தா எல்டிஎல் பொய்யா இறங்கித் தெரியும். நல்லா இருக்கும்போது, ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு அதே லேபுல திரும்பப் பாருங்க. கூடவே டிஎஸ்எச் பாருங்க, தைராய்டு கம்மியா இருந்தாலே எல்டிஎல் ஏறும், அதைச் சரி பண்ணினா இறங்கிடும். லிப்போபுரோட்டீன் ஏ-ன்னு எல்டிஎல் மாதிரியே இன்னொரு துகளை அளக்கிற ஒரு டெஸ்ட், வாழ்க்கையில ஒரு தடவை போதும். அது சாப்பாட்டால மாறாது, பரம்பரையா வர்றது, அப்பாவோட கதையைப் பாத்தா உங்களுக்கு அவசியம் தேவை. அது அதிகமா இருந்தா எல்டிஎல்லை இன்னும் கீழ வைக்கணும்.

அப்புறம் மூணு மாசம் சாப்பாடு. காலையில பெண்ணெ தோசை, நெய் ரோஸ்ட், சாயங்காலம் பேக்கரி பப்ஸ், இதுல இருக்கிற வெண்ணெய், நெய், வனஸ்பதிதான் முதல்ல குறையணும். வீட்ல தேங்காய் எண்ணெயில சமைச்சா கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறுங்க. இசப்கோல் தினமும் 10 கிராம், நிறைய தண்ணியோட. இதெல்லாம் ஒழுங்கா செஞ்சா 148, 130 பக்கத்துல வரலாம். 85க்கு வராது. உங்க மனவுறுதி பத்தாததால இல்லை, பெரும்பாலும் கல்லீரல்தான் இந்த அளவைத் தீர்மானிக்குது.

அந்த நேரத்துல டாக்டர்கிட்ட சின்ன அளவு ஸ்டாட்டின் பத்திப் பேசுங்க. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமே எல்டிஎல்லை ஏறக்குறைய 40 சதவீதம் இறக்கும். அளவை ரெண்டு மடங்கு ஆக்கினா இன்னும் 6 சதவீதம்தான் கூட இறங்கும், அதனால பத்தலைன்னா அளவை ஏத்துறதை விட எசெட்டிமைப்ங்கிற இன்னொரு மாத்திரையைச் சேக்குறது நல்லது. ஆரம்பிச்சு 4ல இருந்து 12 வாரத்துக்குள்ள லிப்பிட் திரும்பப் பாருங்க. நம்ம ஊர்ல பெரிய தப்பு இங்கதான் நடக்குது: ரிப்போர்ட்ல 80ன்னு வந்ததும் 'நார்மல் ஆயிடுச்சு'ன்னு மாத்திரையை நிறுத்திடுவாங்க. சில வாரத்துல பழைய 148 திரும்பி வந்துடும். சேந்த கணக்குல, மாத்திரை சாப்பிட்ட அந்தக் கொஞ்ச நாளுக்குப் பெருசா மதிப்பு இல்லை.

உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் லிப்பிட் பாக்கணும். தங்கச்சியா இருந்து, குழந்தைக்குத் திட்டம் போடுறவங்களா இருந்தா ஸ்டாட்டின் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதை டாக்டர்கிட்ட சொல்லிடணும், கர்ப்ப காலத்துல பொதுவா அதை நிறுத்தி வைப்போம்.