கட்டுத்தரையில் கேட்கும் அத்தைக்கு

நேயர்களுக்கு வணக்கமுங்க. மாமியாரைப் பாராட்டி ஒரு மருமகள் பேசணும்னு நிலையத்திலிருந்து கூப்பிட்டாங்க. எங்க அத்தை இந்நேரம் அவிநாசிப் பக்கம் எங்க தோட்டத்துக் கட்டுத்தரையில, ரேடியோவை மாட்டி வெச்சுட்டுத் தவுடு கரைச்சுட்டு இருப்பாங்க. அதனால அவங்க கிட்டயே நேராப் பேசிக்கறேனுங்க.

அத்தை, நீங்க எனக்கு இன்னொரு அம்மான்னு சொல்லப் போறதில்லைங்க. எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. அதுவுமில்லாம, அப்படிச் சொன்னா நீங்க செஞ்சது எதுவுமே வெளியில வராது. நான் சொல்ல வந்தது கெடேரி வித்த சேதி.

கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லோணுமுங்க. எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல ஜாப் ஒர்க் எடுத்து பனியன் தைச்சுக் கொடுக்கறாரு. துணி பார்ட்டியோடது, தையல் மட்டும் நம்முளுது. சரக்கை அனுப்பிச்சாச்சுன்னாலும் பில் பணம் வர மாசக் கணக்காகும். ஆனா டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆகோணும். ஒரு வாரம் தவறுச்சுன்னா திங்கக்கிழமை பாதிப் பேரு வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. ஆள் போச்சுன்னா அடுத்த ஆர்டரும் போச்சு. தொழில்ல நட்டம் வந்து மூடறவங்களை விட, கையில சனிக்கிழமைக் காசு இல்லாம மூடறவங்கதான் எங்க பக்கம் ஜாஸ்தி.

அந்த மாதிரி ஒரு மாசத்துல ஒரு பார்ட்டி பணம் நின்னுபோச்சு. அவரு என் வளையலை அடகு வெக்கக் கேட்டாரு. ஏற்கெனவே ஒண்ணு பேங்க்ல கிடக்குது, இதையும் தர மாட்டேன்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் பேசறதே நின்னுபோச்சு. ஆசாரத்துல உக்காந்து அவரைக்காய் ஆஞ்சுட்டு இருந்த உங்களுக்கு எல்லாமே காதுல விழுந்துச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு "விட்டுக்கொடு கண்ணு"ன்னு நீங்க சொல்லலை. மகனைக் கூப்பிட்டு "அவ அப்படித்தான்"னும் சொல்லலை. ராத்திரி அவரு சாப்பிட உக்காந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க: "சனிக்கிழமைக்கு எவ்வளவு வேணும் சாமி?"

அந்த வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கெடேரி போயிருச்சு. கன்னுல இருந்து நீங்க வளத்தது, சினைக்கு விடற பருவம். இன்னும் ஒரு வருசம் வெச்சிருந்தா கறவைக்கு வந்திருக்கும். வெலையும் அப்பத்தான் கூடும். கேட்டவங்களுக்கெல்லாம், "தீவனம் விக்கற வெலையில ரெண்டைக் கட்டி மேய்க்க முடியலைங்க"ன்னு சொன்னீங்க. நானும் அதைத்தான் நம்புனேன். சனிக்கிழமை அவரு சம்பளம் போட்டுட்டாரு, பில் பணம் வந்திருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். காங்கேயத்துல ஒரு சீருக்குப் போனப்ப உங்க அண்ணன்தான், அது கெடேரி வித்த காசுன்னு பேச்சுவாக்குல சொன்னாருங்க.

காசு கொடுத்ததை விட எனக்குப் பெருசாப் படறது அதை நீங்க சொல்லாம விட்டதுதான். சொல்லியிருந்தா, வளையல் தராதவளாச்சேன்னு என்னை அந்தக் கெடேரி பேரைச் சொல்லியே எத்தனை பேரு பேசியிருப்பாங்க! அவருக்கும் அது ஆயுசுக்கும் ஒரு குத்தலா இருந்திருக்கும். இன்னைக்கு நான் மைக்குல சொல்றேன்னா, அவரு கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேனுங்க. உங்க கிட்டக் கேக்கலை, கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீங்க.

இதுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தா நீங்க பொட்டியில மடிச்சு வெச்சுருவீங்கன்னு தெரியுமுங்க. உங்களுக்கு எது வேணும்னு நான் கவனிச்சுத்தான் வெச்சிருக்கேன். உங்க பொறந்த ஊர் மாரியாத்தா நோம்பிக்கு வருசா வருசம் காலையில மாவிளக்கு எடுக்கப் போறீங்க, மத்தியானப் பஸ்ஸுக்கே திரும்பிடறீங்க. ராத்திரி கம்பத்தைச் சுத்தி ஆடறதைப் பாத்து எத்தனை காலமாச்சு? மாடு ரெண்டு வேளையும் கறந்தாகோணும், அது வேற ஆள் கைக்குப் பாலை அடக்கிக்கும்.

அதனாலதான் கொஞ்ச நாளா காலையில நானும் கட்டுத்தரைக்கு வந்துட்டு இருக்கேன். தவுடும் புண்ணாக்கும் என் கையாலயே வெக்கறேன். கன்னை ஊட்ட விட்டு, வெதுவெதுன்னு தண்ணியில மடியைக் கழுவி, சுரப்பு இறங்கற வரைக்கும் காத்திருந்து கறக்கறேன். மொதல்ல போசியில அடி நனையற அளவுதான் வந்துச்சு. இப்ப நீங்க கறக்கறதுக்கும் எனக்கும் அரை லிட்டர்தான் வித்தியாசம். சொசைட்டிக்குப் பால் ஊத்தற வேலையை அவரு பாத்துக்கறேன்னுட்டாரு.

இந்த நோம்பிக்கு ரெண்டு ராத்திரி உங்க அண்ணன் ஊட்டுல தங்கிட்டு வாங்க அத்தை. துணிப்பையை நான் எடுத்து வெச்சுட்டேன்.

வணக்கமுங்க.