வெட்டியதும் அன்புதான்

“அன்பை வெட்ட உங்களுக்கு எப்படிக் கை வந்தது?” எதிரணி அக்கா கேட்டது.

நடுவர் அவர்களே, வணக்கம். விடைபெறும் கடிதத்தை வெட்டிச் சுருக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. கை வந்த கதையையே சொல்லிவிடுகிறேன்.

பதினொரு வருடம் இருந்த அலுவலகத்தை விட்டு விலகினேன். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த சாருக்கு வாட்ஸ்அப்பில் விடைபெறும் செய்தி எழுதினேன். நானூறு சொல்லுக்கு மேல்! தம்பி பார்த்துவிட்டு, “ரெண்டு வரி போதும்ணா” என்றான். குறைக்கச் சொன்னது சரி. ஆனால் “ஒத்துழைப்புக்கு நன்றி” என்று ரெண்டு வரி அனுப்பினால் அது சுற்றறிக்கை.

பக்கத்து வீட்டு அம்மா பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தியவர். “சத்தமாகப் படி” என்றார். படித்தேன். “இதில் அவர் எங்கே வருகிறார்?” என்றார். ஏழு நினைவுகள் எழுதியிருந்தேன். ஆறில் நான்தான் அழுதுகொண்டிருந்தேன். ஆறும் போயின. மூன்று இடத்தில் மன்னிப்பு. “மூணாவதைப் படிக்கும்போது அவர் உன்னைத் தேற்றக் கிளம்பிவிடுவார்” என்றார். ஒன்று தங்கியது. “நீங்கள் இல்லாமல் என்ன செய்வேன்” என்ற வரியில் பென்சிலை வைத்து, “இதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அதுவும் போனது.

ஒரு இரவை மட்டும் அவர் தொடவே இல்லை. மிஞ்சியதைக் கேளுங்கள்:

“சார், ஒரு மார்ச் 31 ராத்திரி கணக்கில் பத்து ரூபாய் இடித்தபோது, நீங்கள் திட்டாமல் டீ வாங்கித் தந்து, ‘பத்து ரூபாய் எங்கேயும் போகாது, வா தேடலாம்’ என்றீர்கள். கணக்கு இடிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. ஒருநாள் கோபமாகப் பேசியதற்கு மன்னியுங்கள். பொங்கலுக்கு வருகிறேன். பதில் எழுத வேண்டாம்.”

பத்து ரூபாய், நடுவர் அவர்களே! ‘தங்கமான மனசு’ என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் பொருந்தும். இந்தப் பத்து ரூபாய் அவர் ஒருவருக்குத்தான்.

அக்கா தன் மகளை அனுப்பிவைத்த நாளைச் சொன்னார். விடிய விடியப் பேசினாராம். நேரில் பேசும்போது மகள் கண் கலங்கினால் அக்கா நிறுத்திக்கொள்வார். எழுத்துக்கு அந்தக் கண் தெரியாது. படிப்பவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாலும் அது பாட்டுக்குக் கொட்டும். அதனால்தான் நாமே முன்கூட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது. மரணப் படுக்கையிலிருந்து எழுதுபவரின் கடிதத்தையும் வெட்டுவீர்களா என்று என் அணித் தம்பியே காதில் கேட்டான். அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.

வெட்டிய ஆறையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொங்கலன்று சார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். போனை எடுத்து என் செய்தியைக் காட்டி, “அது டீ இல்லைப்பா, சுக்குக் காபி” என்றார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். நான் வெட்டிய ஆறில் நாலை, அவர் பக்கத்திலிருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் வீட்டு அம்மா வந்து விளக்கேற்றும்வரை நோட்டை நான் திறக்கவே இல்லை.