வெள்ளவத்தைக் கடைக்குப் பணம்: வங்கியிடமா, மச்சானிடமா?

[திரையில்: புறக்கோட்டைப் பிரதான வீதி, காலை நேரம்]

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்பக் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். கடன் எதுவும் இல்லை. மொத்தம் ஒரு இலட்சம் பங்குகள். வெள்ளவத்தையில் காலி வீதியிலே ஒரு சில்லறைக் கடை திறக்க 400 இலட்சம் ரூபாய் தேவை. கடை ஓடத் தொடங்கினால், முழுக் கம்பனிக்கும் சேர்த்து வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபம், அதாவது தொழிற்பாட்டு இலாபம், வருடத்துக்கு 200 இலட்சம் வரும் என்பது எதிர்பார்ப்பு.

பணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 12 சதவீத வட்டியில் வங்கிக் கடன். மற்றது, கனடாவில் இருக்கும் மச்சானுக்குப் பங்கு ஒன்று 800 ரூபாய் வீதம் 50,000 புதுப் பங்குகள் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் கம்பனியில் மூன்றில் ஒரு பங்கு அவருடையதாகிவிடும்.

[திரையில்: இரண்டு வழிகளின் கணக்கு, பக்கத்துக்குப் பக்கம்]

கடன் என்றால் வட்டி 48 இலட்சம். 30 சதவீத வரியும் கட்டிய பிறகு ஒரு பங்குக்கு 106 ரூபாய் கிடைக்கும். மச்சானின் பணம் என்றால் 93 ரூபாய். கடன்தான் நல்லது என்று பலர் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நான் இங்கே நிற்கச் சொல்வேன். முதலில் வட்டிக் காப்பு விகிதத்தைப் பாருங்கள். தொழிற்பாட்டு இலாபத்தை வட்டியால் வகுத்தால், 200ஐ 48ஆல், ஏறத்தாழ 4.2 வருகிறது. வட்டியைப் போல நான்கு மடங்கு உழைக்கிறோம். அடுத்தது நிதி நெம்புகோல் அளவு. தொழிற்பாட்டு இலாபத்தை, வட்டி கழித்த இலாபத்தால் வகுக்க வேண்டும்: 200ஐ 152ஆல், 1.3. தொழிற்பாட்டு இலாபம் 10 சதவீதம் விழுந்தால் பங்குக்கான இலாபம் 13 சதவீதம் விழும் என்பது இதன் பொருள்.

இவை இரண்டும் வேறு வேறு செய்தி போலத் தெரியும். உண்மையில் ஒரே செய்திதான்.

[திரையில்: நெம்புகோல் = காப்பு ÷ (காப்பு − 1)]

காப்பு 4 என்றால் நெம்புகோல் 1.33. காப்பு 2 என்றால் அதுவும் 2. காப்பு 1.25க்கு இறங்கினால் நெம்புகோல் 5. காப்பு நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது பெரிதாக எதுவும் நடக்காது. இரண்டுக்குக் கீழே போனதும் நெம்புகோல் விறுவிறுவென்று ஏறத் தொடங்கும்.

எது அதைக் கீழே தள்ளும்? வியாபாரம் குறைவது மட்டும் இல்லை, வட்டியும் தள்ளும். நம் வங்கிக் கடன்கள் பல, வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் வீதமான முதன்மைக் கடன் வீதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. அந்த வீதம் 2021 முடிவில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருட முடிவில் முதன்மை வீதம் 27ஐத் தாண்டியிருந்தது.

அந்த ஏற்றத்தைவிடச் சற்றுக் குறைவாக, 17 சதவீதப் புள்ளிகள் இந்தக் கடனுக்கு ஏறினாலே 12 என்பது 29 ஆகிவிடும். வட்டி 116 இலட்சம். வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே காப்பு 1.7க்கு விழுந்து, நெம்புகோல் 2.4க்கு ஏறிவிடும். அப்படியான வருடத்தில் சனம் துணி வாங்குவதும் குறையும். இலாபம் 30 சதவீதம் குறைந்து 140 ஆனால், பங்குக்கு 17 ரூபாய்கூட முழுதாகக் கிடைக்காது. மச்சானின் பணத்தில் நடத்தியிருந்தால் அதே வருடத்தில் 65 ரூபாய்.

கடனின் முதல்தொகையைத் திருப்பிக் கட்டுவதைக் காப்பு விகிதம் காட்டாது என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து வருடக் கடன் என்றால் வருடத்துக்கு முதல்தொகையாக 80 இலட்சம் கட்ட வேண்டும், அதுவும் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில். அந்த மோசமான வருடத்தில் மிஞ்சுவது 17 இலட்சத்துக்கும் குறைவு. கையிலிருந்து பணமாகப் போகாத செலவான தேய்மானத்தைத் திருப்பிக் கூட்டினாலும் ஒரு துணிக்கடைக்கு அந்த இடைவெளி அடைபடுவது கடினம்.

[திரையில்: கணக்கைப் பின்னாலிருந்து போடுதல்]

அதனால் நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுவேன். மோசமான வருடத்தில் இலாபம் 140, வட்டி வீதம் 29. அப்போதும் காப்பு 2 இருக்க வேண்டும் என்றால் வட்டி 70 இலட்சத்தைத் தாண்டக் கூடாது. அதற்குத் தாங்கும் கடன் ஏறத்தாழ 240 இலட்சம். மிச்சம் 160 இலட்சத்துக்கு மச்சானுக்கு 20,000 பங்குகள். அவருக்குப் போவது ஆறில் ஒரு பங்கு. நல்ல வருடத்தில் பங்குக்கு 100 ரூபாய் அளவில் கிடைக்கும், மோசமான வருடத்தில் 41.

இந்தக் கணக்கில் லீசிங் வட்டியையும் ஓவர்டிராஃப்ட் வட்டியையும் சேர்க்க மறக்காதீர்கள். அப்புறம், வங்கியின் கடன் கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: முதன்மை வீதத்துக்கு மேல் எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வீதம் மாறும், உச்ச வரம்பு ஏதாவது எழுதியிருக்கிறதா. வரம்பு இல்லையென்றால் 29ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.