ரயில் கதவருகே ஒரு பதில்

வணக்கம் நேயர்களே. ஜெர்மன் மொழியில் அன்பைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். ஒன்று, 'இஷ் லீபெ டிஷ்'. இன்னொன்று, 'இஷ் ஹாப் டிஷ் லீப்'. அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் 'உன்னை நேசிக்கிறேன்' என்றுதான் போட்டிருக்கும். இவை எவ்வளவு வேறானவை என்று எனக்கு விளங்கியது வகுப்பில் இல்லை, ஒரு சமையலறையில்.

கோட்டிங்கன் என்ற ஊரில் படித்தபோது நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கு ஓர் அறை, சமையலறை எல்லோருக்கும் பொது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பக்கத்து அறைப் பெண் தன் நண்பனை ரயிலேற்றிவிடப் போனாள். அவன் காஸலில் படித்துக்கொண்டிருந்தான். இருவரும் பழகி நான்கு மாதம் இருக்கும். போனவள் திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். ரயில் கதவு மூடப்போகும் நேரத்தில் அவன் முதல்முறையாக 'இஷ் லீபெ டிஷ்' என்று சொல்லியிருக்கிறான். அவள் 'இஷ் ஹாப் டிஷ் அவுஹ் லீப்' என்று பதில் சொல்லியிருக்கிறாள். 'அவுஹ்' என்றால் 'உம்' என்று பொருள். நானும் உன்னை, என்பதுபோல. கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் நேசிக்கிறேன் என்றான், இவளும் நேசிக்கிறேன் என்றாள், இதில் அழ என்ன இருக்கிறது? அந்த ராத்திரி அவள் தேநீர் போட்டுக்கொண்டே எனக்கு விளக்கியதைத்தான் இன்றைக்கு என் மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறேன்.

முதலில் 'லீப்' என்ற சொல்லைப் பார்ப்போம். அது ஒரு பெயரடை. அன்பான, பிரியமான, நல்ல என்றெல்லாம் பொருள் தரும். அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் 'லீபெ மம்மா' என்று தொடங்குவார்கள். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வெளியே போகும்போது 'சை லீப்' என்பார்கள். நம் 'சமர்த்தா இரு' தான் அது. பக்கத்து வீட்டுக்காரர் கடையிலிருந்து நமக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வந்தால் அவருடைய அந்தச் செய்கையும் 'லீப்'. ஆக, இது வீட்டுக்குள் புழங்குகிற, வெதுவெதுப்பான சொல். அதோடு 'ஹாபன்', அதாவது வைத்திருத்தல் அல்லது கொண்டிருத்தல் என்ற வினை சேர்ந்து 'லீப்ஹாபன்' ஆகிறது. உன்னைப் பிரியமாகக் கொண்டிருக்கிறேன் என்று நேர்ப்பொருள் சொல்லலாம்.

'லீபன்' அப்படியில்லை. அது முழு வினை. 'இஷ் லீபெ டிஷ்' என்ற வாக்கியத்தில் நான், நீ, நடுவில் அந்த வினை, அவ்வளவுதான். ஒட்டு உறவு எதுவும் கிடையாது.

இந்த அமைப்பிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'லீப்' பெயரடை என்பதால் அதைக் கூட்டலாம். 'ஸேர் லீப்' என்றால் ரொம்பப் பிரியம். 'கான்ஸ் டோல் லீப்' என்றால் ரொம்ப ரொம்பப் பிரியம். குழந்தைகள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு சொல்வது இதைத்தான். கைபேசிக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து மட்டுமே இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் 'ஹாப் டிஷ் லீப்' என்பதைச் சுருக்கி HDL என்று எழுதினார்கள். கூட்டிச் சொல்ல வேண்டுமானால் HDGDL. இன்னும் கூட்ட வேண்டுமானால் நடுவில் G எழுத்தை இரண்டாக்கி மூன்றாக்கி நீட்டிக்கொண்டே போனார்கள். தோழிக்குத் தோழி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அனுப்பினாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'இஷ் லீபெ டிஷ்' என்பதோடு அதே 'ஸேர்' சேர்த்துப் பாருங்கள். 'இஷ் லீபெ டிஷ் ஸேர்'. இலக்கணப் பிழை இல்லை, சொல்பவர்களும் உண்டு. ஆனால் பல ஜெர்மானியர் காதில் அது வெறும் வாக்கியத்தைவிடக் கொஞ்சம் குறைந்தே ஒலிக்கிறது. ரொம்ப என்று சொன்னதுமே அளவு என்று ஒன்று வந்துவிடுகிறது. அளவு வந்தால் கொஞ்சம், பாதி என்பதும் பின்னாலேயே வந்துவிடும். வெறும் 'இஷ் லீபெ டிஷ்' அந்த அளவுகோலுக்குள்ளேயே வருவதில்லை. அதனால்தான் அதற்கு அத்தனை கனம். பழக ஆரம்பித்த இருவர் அந்த முதல் தடவைக்காக வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதுவரை 'இஷ் மாக் டிஷ்', உன்னை எனக்குப் பிடிக்கும், என்பார்கள். 'உன்மேல் மயங்கிக் கிடக்கிறேன்' என்பதற்கு 'ஃபெர்லீப்ட்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. 'ஹாப் டிஷ் லீப்' இவற்றுக்கும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கும் இடையில் நிற்கிறது.

சரி, அப்படியானால் 'ஹாப் டிஷ் லீப்' காதலர்களுக்கு ஆகாததா? இல்லை. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இதைச் சொல்லிக்கொள்வார்கள். அப்போது அது குறைவில்லை, நெருக்கம். அது புண்படுத்துவது ஒரே ஓர் இடத்தில்தான்: பெரிய வாக்கியம் வந்த இடத்துக்குப் பதிலாகச் சின்னது திரும்பிப் போகும்போது. என் தோழி செய்தது அதைத்தான். அவன் ஒரு படி ஏறி வந்து கையை நீட்டினான். அவள் கீழ்ப்படியிலேயே நின்று தோளைத் தட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. நண்பனுக்கும் தம்பிக்கும் சொல்கிற அதே வார்த்தை.

இத்தனைக்கும் ஒரு சுலபமான வழி இருந்தது. 'இஷ் டிஷ் அவுஹ்' என்று மூன்றே சொல். நான் உன்னையும், என்று வினையே இல்லாத பதில். கேட்ட வாக்கியத்தின் வினை இதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'லீபெ' என்று கேட்டவருக்கு 'லீபெ', 'ஹாப் லீப்' என்று கேட்டவருக்கு 'ஹாப் லீப்'. அவள் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்டேன். 'அது பொய்யாகியிருக்கும்' என்றாள். 'எனக்கு இன்னும் அது வரவில்லை. ஆனால் இருப்பதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.' நான் அவளை மிகவும் மதித்த தருணம் அது.

தமிழ் மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். 'லீபன்' என்றால் காதல், 'லீப்ஹாபன்' என்றால் அன்பு என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. பெற்ற பிள்ளையிடம் 'இஷ் லீபெ டிஷ்' என்று சொல்லும் தாய் தகப்பன்மார் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அதில் காதல் நெடி எதுவும் இல்லை. எல்லா வீட்டிலும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சில வீடுகளில் அது நாடகத்தனமாகப் படும், அங்கே 'ஹாப் டிஷ் லீப்' தான். அமெரிக்கப் படத்தில் மகள் தொலைபேசியை வைக்கும்முன் அப்பாவிடம் சொல்கிற 'ஐ லவ் யூ' வை ஜெர்மனில் குரல் கொடுக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் 'இஷ் ஹாப் டிஷ் லீப்' என்று மாற்றுவதும் இதனால்தான். ஆங்கிலத்தில் ஒன்று, ஜெர்மனில் இரண்டு. காட்சிக்குக் காட்சி அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும்.

'லீப்ஹாபன்' எப்போதும் சின்ன வாக்கியமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1522இல் மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தது. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று முறை, நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இரண்டு வேறு வினைகள் மாறி மாறி வருகின்றன. நம் தமிழ் வேதாகமத்திலும் 'அன்பாயிருத்தல்', 'நேசித்தல்' என்று இரண்டு சொற்களைப் பார்க்கலாம். லூதரின் வேதாகமத்தில் மூன்று கேள்விக்கும் 'லீப் ஹாபன்' தான். ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய மிகக் கடினமான கேள்வி அந்த வார்த்தையில் வருகிறது. இன்று குழந்தையைத் தூங்கவைக்கும்போது சொல்வதும் அதே வார்த்தை. கோட்டிங்கனில் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி பேரனிடம் தொலைபேசியில் 'இஷ் ஹாப் டிஷ் லீப்' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அதை லேசான வாக்கியம் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

இடம் மாறினாலும் எடை மாறும். பவேரியாவின் பேச்சுவழக்கில் 'இ மோக் டி' என்பார்கள். எழுத்து ஜெர்மனில் அது வெறும் 'உன்னைப் பிடிக்கும்'. அங்கே அது காதலையே சொல்லும். திருவிழாவில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இதய வடிவ இஞ்சி ரொட்டியில் சர்க்கரைப் பாகால் அதைத்தான் எழுதி விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெர்மனில் 'இ ஹா டி கேர்ன்' என்றால் உயிரையே கொடுக்கிற அன்பாக இருக்கலாம். அதே 'கேர்ன் ஹாபன்' வடக்கே ஒரு மிதமான பிரியம்தான். போதாததற்கு, கோபத்தில் 'டு கன்ஸ்ட் மிஷ் மால் கேர்ன் ஹாபன்' என்று ஒருவர் சொன்னால் 'போய்யா, உன் வேலையைப் பார்' என்று பொருள். ஆகவே யார், எந்த ஊர்க்காரர், இதற்குமுன் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று பார்த்துத்தான் நாம் எடை போட முடியும்.

என் தோழிக்கு வருகிறேன். அந்த ராத்திரி அவன் எதுவும் எழுதவில்லை. மறுநாள், 'நீ சொன்னதை யோசித்தேன், பரவாயில்லை' என்று ஒரு செய்தி வந்தது. அதன்பிறகு அந்தப் பெரிய வாக்கியத்தை அவன் திரும்பச் சொல்லவில்லை. அவளை நெருக்கவும் இல்லை. ஐந்தாறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் ஏதோ கதை சொல்லிக்கொண்டே கத்தியை எடுக்கத் திரும்பினான். அவள் தலையை நிமிர்த்தாமல், கையிலிருந்த கிழங்கைப் பார்த்தபடியே, 'டு, இஷ் லீப் டிஷ்' என்றாள். பேச்சில் 'லீபெ' வின் கடைசி உயிர் விழுந்துவிடும், அப்படித்தான் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். அவன் 'இஷ் டிஷ் அவுஹ்' என்று மூன்று சொல்லில் முடித்திருக்கலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வினையையும் சேர்த்து, முழு வாக்கியமாகச் சொன்னான்: 'இஷ் லீபெ டிஷ் அவுஹ்.'

நன்றி, வணக்கம்.