மங்கிப்போன நாலு பாட்டு

வணக்கம் நேயர்களே. போன மாதம் ஒருநாள் ராத்திரி என் அக்கா போன் செய்து, "டேய், அப்பாவுக்குச் சேர்த்து வெச்ச லிஸ்ட்ல நாலு பாட்டைக் காணோம்டா, நான் கை தவறி அழிச்சிட்டேனா" என்று கேட்டாள். 62 பாட்டு இருந்த ப்ளேலிஸ்ட், இப்போது 58தான் தெரிகிறது. அக்கா எதையும் அழிக்கவில்லை. பாடல்களை இந்தப் பாட்டுச் செயலிகளுக்கு அனுப்பி வைக்கும் வேலையில்தான் நான் இருக்கிறேன், அதனால் கேட்டவுடனேயே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. செயலியின் ஸெட்டிங்ஸில் கிடைக்காத பாடல்களையும் காட்டும்படி ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடச் சொன்னேன். போட்டதும் நாலும் வந்துவிட்டன, ஆனால் எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில், தொட்டால் பாடாமல். ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகளில், பாட்டு மங்கித் தெரிவதும் அடியோடு காணாமல் போவதும் பல நேரம் ஒரே விஷயம்தான், அந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ப்ளேலிஸ்ட் என்றால் பாட்டுகள் நிரம்பிய பெட்டி என்று நினைக்கிறோம், அதில் பாட்டே கிடையாது. சீட்டுகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு சீட்டிலும் "இந்த ஆல்பத்தில் இருக்கும் இந்தப் பதிவு" என்று ஓர் எண். அந்தப் பதிவை செயலிக்குக் கொடுத்த கம்பெனி, கூடவே ஒரு விவரமும் அனுப்பியிருக்கும்: எந்தெந்த நாட்டில் கொடுக்கலாம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. நீங்கள் பாட்டைத் தொடும்போது, உங்கள் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது, இன்றைய தேதி அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செயலி பாடுகிறது. வரம்பு முடிந்துவிட்டால் சீட்டு உங்கள் கையில் அப்படியே இருக்கும், கதவுதான் திறக்காது. போனில் டவுன்லோடு செய்து வைத்த பாட்டுக்கும் இதேதான், அது சந்தாவோடு சேர்ந்த நகல், செயலி அடுத்த முறை நெட்டைத் தொடும்போது அதுவும் பூட்டிக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிதாக நடக்கும் என்பதற்கு கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 2ஆம் தேதி ஸ்பாட்டிஃபை தென்கொரியாவில் தொடங்கியது. அங்கே அப்போது ககாவோ எம் என்று ஒரு பெரிய விநியோக நிறுவனம் இருந்தது, பாடகி ஐயு, எபிக் ஹை குழு மாதிரியான பலருடைய பாடல்கள் அவர்கள் வழியாகத்தான் வெளியே போகும். அந்த ககாவோ குழுமத்திடமே மெலன் என்ற பாட்டுச் செயலியும் இருக்கிறது, அதாவது பாட்டைக் கொடுக்க வேண்டியவரே கடையும் வைத்திருக்கிறார், எதிர்க்கடைக்குச் சரக்கு கேட்கிறார்கள். கொரியாவுக்குள் பாட்டு தர பேரம் படியவில்லை. அதுவரை வெளிநாடுகளுக்கு மட்டும் தனியாக ஓர் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் பிப்ரவரி கடைசியோடு கெடு முடிந்தது. வெளிநாட்டு ஒப்பந்தத்தை மட்டுமாவது புதுப்பிக்கலாம் என்று தாங்கள் கேட்டதாகவும், உள்நாட்டையும் சேர்த்துத்தான் போடுவோம் என்று ஸ்பாட்டிஃபை சொல்லிவிட்டதாகவும் ககாவோ தரப்பு சொன்னது. மார்ச் 1ஆம் தேதி விடிந்தபோது உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கொரியப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையில் மங்கிப் போயிருந்தன. எபிக் ஹை குழு அந்த ஜனவரியில்தான் புது ஆல்பம் விட்டிருந்தார்கள், ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, அவர்கள் விருப்பம் இல்லாமலே அதுவும் போயிற்று. தப்பு யார் பக்கம் இருந்தாலும் அடிபடுவது கலைஞர்களும் ரசிகர்களும்தானே என்று அந்தக் குழுவின் டாப்லோ அப்போது பகிரங்கமாகக் கேட்டார், எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை நியாயமாகத்தான் படுகிறது. மார்ச் 11ஆம் தேதி உடன்பாடு வந்தது, இந்தத் தடவை கொரியாவையும் சேர்த்து. பாடல்களும் திரும்பின.

நமக்கும் ஒன்று நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது சரிகமாவோடு ஒப்பந்தம் இல்லை, அதாவது எச்.எம்.வி. இசைத்தட்டில் நாம் கேட்டு வளர்ந்த பழைய தமிழ்ப் பாடல்களின் பெரிய பொக்கிஷம் ஒன்று அதில் நிலைக்கவில்லை. 2020 மே மாதத்தில்தான் உடன்பாடு ஆயிற்று.

சரி, அக்காவின் நாலு பாட்டுக்கு வருகிறேன். அதில் மூன்று, ஒரே "ஹிட்ஸ்" தொகுப்பு ஆல்பத்திலிருந்து சேர்த்தவை. பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று படத்தின் பெயரில் ஓர் ஆல்பத்தில் இருக்கும், பாடகர் பெயரில், இசையமைப்பாளர் பெயரில், காதல் பாட்டு, சோகப் பாட்டு என்று இன்னும் நாலைந்து தொகுப்பிலும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்தத் தொகுப்பை கம்பெனி எடுத்துவிட்டது, அக்காவின் சீட்டு அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. படத்தின் பெயரைத் தேடினால் அதே மூன்று பாட்டும் ஜம்மென்று பாடுகின்றன!

அப்படியானால் செயலியே அந்த இன்னொரு நகலுக்குத் தாவியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாவும், பல நேரம் நமக்குத் தெரியாமலே தாவிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு உதவுவது ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு. முதல் இரண்டு எழுத்து பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், அடுத்த மூன்று குறியீட்டைக் கொடுத்த நிறுவனம், அப்புறம் இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். (அந்த ஆண்டு குறியீடு கொடுத்த ஆண்டு, பாட்டு பிறந்த ஆண்டு இல்லை, அறுபதுகளின் பாட்டுக்கு 05 என்று இருந்தால் பதற வேண்டாம்.) ஒரே ஒலிப்பதிவு எத்தனை ஆல்பத்தில் வந்தாலும் இந்தக் குறியீடு ஒன்றாகவே இருக்க வேண்டும். இருந்தால் செயலி பழைய சீட்டைப் புதுக் கதவோடு இணைக்க வழி இருக்கிறது. அக்காவின் மூன்று பாட்டுக்கும் தொகுப்பில் ஒரு குறியீடு, படத்தின் ஆல்பத்தில் வேறு குறியீடு. யாரோ அவசரத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு பாட்டு.

இதே தப்பு, பாட்டு வெளியிடும் கம்பெனிகளான சின்ன லேபிள்கள் விநியோகஸ்தரை மாற்றும்போது அடிக்கடி நடக்கிறது. நானே பார்த்தேன்: ஒரு லேபிள் தன் பாடல்களை முதலில் பழைய இடத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் புது இடத்தில் ஏற்றியது. குறியீட்டுக் கட்டத்தை எக்ஸெல் தாளில் காலியாக விட்டதால் புது இடம் தானாகவே புதுக் குறியீடு போட்டுவிட்டது. பல வருடம் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஒரே ராத்திரியில் பூஜ்யம், நேயர்களின் ப்ளேலிஸ்ட்டுகளில் எல்லாம் சாம்பல் வரிகள். பழைய குறியீட்டோடு புது இடத்தில் முதலில் ஏற்றி, அது பாடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். அந்த லேபிளின் பாட்டுக்காரர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நாலாவது பாட்டு வேறு கதை. அக்கா சிங்கப்பூரில் இருந்துவிட்டு சென்னைக்குத் திரும்பி, கணக்கின் நாட்டையும் மாற்றியிருந்தாள். அந்தப் பாட்டின் உரிமை சிங்கப்பூரில் ஒருவரிடம், இந்தியாவில் வேறு ஒருவரிடம், இந்திய உரிமைக்காரர் இன்னும் அந்தச் செயலிக்குக் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தோழியிடம் கேட்டோம், அவளுக்குப் பாடுகிறது.

உங்கள் லிஸ்ட்டில் மங்கிய பாட்டு இருந்தால் முதலில் அதே பெயரைத் தேடுங்கள், நீளத்தை நிமிடம், நொடி வரை ஒப்பிடுங்கள், மூலத்துக்குப் பதில் யாரோ திரும்பப் பாடிய பதிப்பு மாட்டிக்கொள்ளலாம். வேறு ஆல்பத்தில் கிடைத்தால் அதைச் சேருங்கள். வெளிநாட்டு நண்பருக்கு மட்டும் பாடினால் நாட்டு உரிமைப் பிரச்சினை. அந்தக் கம்பெனியின் பாடல்கள் மொத்தமாகவே போயிருந்தால் ஒப்பந்தம் முடிந்திருக்கும், அப்போது சாம்பல் வரியை அழித்துவிடாதீர்கள், அதே எண்ணில் பாட்டு திரும்பினால் அந்த வரி தானாகவே உயிர் பெறும். அக்காவும் நாலாவது பாட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறாள். பாட்டின் பெயர், படம், பாடியவர் என்று 62 பாட்டையும் ஒரு நோட்டில் எழுதியும் வைத்துவிட்டாள், அப்பா கேட்கும் வரிசையிலேயே.