உப்பில் ஒரு சொட்டு விட்டேன், நீலம் வரவில்லை

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். உப்பு ஜாடி வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்ட் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் கழுத்தில் வீக்கம் கிடையாது. அதனால் அயோடின் உப்பை நிறுத்திவிட்டு பிங்க் உப்புக்கு மாறிவிட்டோம். நான் இப்போது 2 மாதக் கர்ப்பம். குழந்தைக்கும் இயற்கையானதே நல்லது அல்லவா?" என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அதற்கு 40 பேர் லைக் போட்டிருக்கிறார்கள். அந்த லைக்குகளைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கோபம் இல்லை, அவர் கேள்விதானே கேட்டார்.

முதலில் பிங்க் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாதி நாள் அதிலேயே போய்விட்டது. உருளைக்கிழங்கை வெட்டி, உப்பைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்தால் நீலம் வரும் என்று ஒரு சோதனை சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைச் செய்தேன். பிங்க் உப்பில் நீலம் வரவில்லை. சரி. அயோடின் உப்பிலும் வரவில்லை! பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறது, ஆனால் கிழங்கு வெள்ளையாகவே கிடக்கிறது. இன்னொரு கிழங்கு, இன்னொரு எலுமிச்சை, அப்புறமும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

பிசகு உப்பில் இல்லை, எலுமிச்சையில். நீலம் வர வேண்டும் என்றால் தனி அயோடின் வெளியே வந்து மாவுச்சத்தைப் பிடிக்க வேண்டும். எலுமிச்சையின் வைட்டமின் சி அந்த அயோடினைத் திரும்ப அயோடைடாக மாற்றிவிடும், நிறம் போய்விடும். போதாததற்கு, பல உப்புகளில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். அது ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலிருந்து அயோடினை வெளியே இழுக்க அமிலத்தோடு கொஞ்சம் அயோடைடும் வேண்டும். அந்தக் கிழங்குச் சோதனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

உப்புக்கென்றே ஒரு சோதனைக் கிட் இருக்கிறது. சின்னக் குப்பி, அதில் மாவுச்சத்து, அயோடைடு, அமிலம் மூன்றும் கலந்த கரைசல். ஒரு ஸ்பூன் அயோடின் உப்பைத் தட்டில் குவித்து, மேலே ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடம் சட்டென்று கருநீலமாக மாறியது. பேனா மசி கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஓரத்தில் மட்டும் லேசான ஊதா. கத்தியே விட்டேன், கேமராவில் அது இருக்கிறது. பிங்க் உப்பில் விட்டேன், ஈரமானதோடு சரி. ஒருவேளை அந்த உப்பு காரத்தன்மை உள்ளதாக இருந்தால் அமிலத்தைத் தின்றுவிட்டு நிறத்தை மறைக்கும். அதற்காகக் கிட்டில் இரண்டாவதாக ஒரு குப்பி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு சொட்டு முதலில், பிறகு சோதனைக் கரைசல். அப்போதும் நிறம் வரவில்லை. அந்த உப்பில் அயோடேட் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். இந்தக் கிட் அயோடேட்டை மட்டும்தான் காட்டும். அயோடைடு கலந்த உப்பாக இருந்தால் சொட்டு நிறம் மாறாது, பாக்கெட்டில் எது என்று பாருங்கள். இன்னொன்று, நீலம் வந்தால் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். சரியாக எவ்வளவு என்று தெரிய ஆய்வகத்தில் அளக்க வேண்டும்.

இப்போது அந்தச் சகோதரியின் "கழுத்தில் வீக்கம் கிடையாது" என்ற பாதிக்கு வருகிறேன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வாதம் இது.

தைராய்டு சுரக்கும் முக்கிய ஹார்மோனுக்குப் பெயர் டி4. ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் இருப்பதால் அந்தப் பெயர். அயோடின் குறைந்தால் டி4 குறையும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைக் கவனித்து, டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். டிஎஸ்எச் தைராய்டை விரட்டி வேலை வாங்கும். கிடைக்கிற கொஞ்ச அயோடினையும் விடாமல் இழுத்துப் பிடிக்க சுரப்பியின் செல்கள் பெருகும். அப்படிப் பெருத்ததைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம். அதாவது கழலை என்பது உடல் சமாளித்துப் பார்த்ததன் தழும்பு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது வளர நாள் பிடிக்கும். ஓரளவு குறைபாடு இருக்கும்போது கழுத்து சாதாரணமாகத் தெரியும், ரத்தத்தில் டிஎஸ்எச்சும் பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருக்கும். ஆனால் டி4 கீழ்ப்பக்கமாக இருக்கும். அம்மாவுக்கு அது பெரிதாகத் தெரியாது. வயிற்றில் இருப்பவருக்குத் தெரியும்.

ஏனென்றால் கருவுக்கு முதல் சில வாரங்கள் சொந்தமாக வேலை செய்யும் தைராய்டே கிடையாது. ஏறத்தாழ 10 முதல் 12 வாரத்தில்தான் அது அயோடினைப் பிடிக்கத் தொடங்குகிறது. போதுமான ஹார்மோன் சுரப்பதற்கு ஏறக்குறைய பாதி கர்ப்பகாலம் ஆகிவிடும். அதுவரை அம்மாவின் டி4 நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் மூளை அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்கிறது. நரம்புச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து நகர்ந்து மூளையின் மேற்புற அடுக்குகளில் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர அந்த டி3 வேண்டும். உள்காது உருவாகவும் வேண்டும். அந்த வாரங்களில் நடக்காத வேலையைப் பின்னால் மருந்து கொடுத்து முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இதை வெறும் கணிப்பாகச் சொல்லவில்லை. 1966இல் பப்புவா நியூ கினியின் ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கழலையும், பிறவியிலேயே காது கேளாமை, பேச்சின்மை, நடையில் விறைப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்த கிரெட்டினிசமும் நிறைந்த மலைப்பகுதி அது. பீட்டர் ஃபாரோவும் அவருடைய குழுவினரும் ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதன் பிறகு பிறந்த குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1971இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உப்புநீர் போட்ட பக்கம் 534 குழந்தைகளில் 26 பேருக்கு கிரெட்டினிசம். அயோடின் போட்ட பக்கம் 498 குழந்தைகளில் 7 பேருக்கு.

எனக்கு மனசு நின்றது அந்த 7இல்தான். அதில் 6 குழந்தைகளின் அம்மாக்கள் ஊசி போடும்போதே கருவுற்றிருந்தார்கள். அயோடின் கிடைத்தது, ஆனால் தாமதமாக. ஊசிக்குப் பிறகு கரு தரித்த குழந்தைகளில் ஒன்றே ஒன்றுதான். இது கடுமையான குறைபாடு இருந்த இடம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அயோடின் எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது: கரு தரிப்பதற்கு முன்பே. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவருவதே 5, 6 வாரம் கழித்துத்தான். அதனால்தான் மருந்தாக இல்லாமல், எல்லாரும் தினமும் தொடுகிற உப்பில் அதைக் கலக்கிறார்கள். தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் என்றும், கர்ப்பிணிக்கு 250 என்றும் சொல்கிறது. கர்ப்பத்தில் அம்மாவே ஏறத்தாழ பாதி மடங்கு கூடுதலாக டி4 சுரக்க வேண்டியிருக்கிறது, சிறுநீரில் போகும் அயோடினும் கூடுகிறது, குழந்தைக்கும் ஒரு பங்கு போகிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பு என்றால் ஒரு கிராமில் 30 மைக்ரோகிராம். நாளைக்கு 5 கிராம் சாப்பிட்டால் 150. சமையலில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 120 மிச்சம். பால், முட்டை, கடல்மீன் கொஞ்சம் சேர்க்கும். அதுவும் போதாமல் போகலாம். அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பல ஆண்டுகள் அயோடின் உப்பு சாப்பிட்டவரின் தைராய்டில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பு இருக்கும், அதுதான் கைகொடுக்கும். மீதியை மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுக்கலாம். கர்ப்பகால மாத்திரைகள் எல்லாவற்றிலும் அயோடின் கிடையாது, அட்டையில் தேடிப் பாருங்கள். கடற்பாசி மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கித் தின்னாதீர்கள். அதில் அளவு எக்கச்சக்கமாக மாறும், அதிக அயோடினும் குழந்தையின் தைராய்டை முடக்கும். ஏற்கெனவே தைராய்டு நோய் உள்ளவர்களும் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

ஜாடி விஷயத்தில் நான் தவறாகச் சொல்லியிருந்தேன், திருத்திக்கொள்கிறேன். திறந்த பாத்திரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நேரம் மிச்சம் என்றேன். வேண்டாம். உப்பு ஈரம் இழுத்துக் கசியும், அயோடின் அந்த ஈரத்தோடு அடியில் இறங்கிவிடும். மூடி போட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் 2 மாதம் ஒன்றும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைய சமையலுக்கே உப்பை மாற்றுங்கள், அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச்சும் டி4உம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், எவ்வளவு நாளாகப் பிங்க் உப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை தானே ஹார்மோன் செய்யும், ஆனால் அதற்கான அயோடின் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். பிறந்த பிறகும் தாய்ப்பால் வழியாகத்தான். டெஸ்ட் முடிவு வந்ததும் இந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.